நாற்பது ‘கங்கிராட்ஸ்’களுக்கு நடுவே ஒரு நல்ல வாழ்த்து

பதவி உயர்வு அறிவிப்பு குழு முழுவதற்கும் மின்னஞ்சலில் வந்ததும் அலுவலகத்தில் ஒரு சின்ன அலை எழும். அனுப்பிய ஐந்தாவது நிமிடத்தில் முதல் பதில் வந்துவிடும்: “கங்கிராட்ஸ்!” அடுத்தது “ஹார்ட்டி கங்கிராஜுலேஷன்ஸ்.” அதற்கடுத்தது “வெல் டிசர்வ்ட், மேலும் மேலும் உயர வாழ்த்துகள்.” மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பது பதில்கள் சேர்ந்துவிடும். பதவி உயர்வு பெற்றவர் மாலையில் ஆசையோடு ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். பாதிக்கு மேல் வாசகங்கள் ஒன்றேதான் என்பதால், சீக்கிரமே வாசகத்தை விட்டுவிட்டு, யார் எழுதியிருக்கிறார்கள், யார் எழுதவில்லை என்று பெயர்களை மட்டும் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

எழுதியவர்கள் எல்லோரும் மனதார வாழ்த்தியவர்கள்தான். ஆனால் அந்த மகிழ்ச்சி எழுத்தில் ஏறவில்லை. அது எழுத்தில் ஏற வேண்டுமானால் கடிதத்தில் ஒரே ஒரு விஷயம் இருந்தால் போதும். அறிவிப்பில் இருப்பது நிர்வாகம் பார்த்தது. கூட வேலை செய்பவர் மட்டுமே பார்த்தது என்று ஒன்று கட்டாயம் இருக்கும். பதில் கடிதம் அதைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு மூன்று வரி தாராளம். ஆனால் அந்த மூன்று வரியையும் குழுவே படிக்கப் போகிறது என்பதால் எதை எழுதுவது, எதை விடுவது, யாருக்கு அனுப்புவது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அறிவிப்பைப் படிக்க வேண்டும்

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டே போகலாம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம். காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் ஒரு மென்பொருளைப் பராமரிக்கும் குழு. பதினான்கு பேர். அதில் ஒருவருக்கு மலர்விழி என்று பெயர் வைத்துக்கொள்வோம். மேலாளரிடமிருந்து இப்படி ஒரு மின்னஞ்சல் வருகிறது:

“அனைவருக்கும் வணக்கம். நம் குழுவில் சீனியர் இன்ஜினியராக இருக்கும் மலர்விழி ஜூலை 1 முதல் டீம் லீடாகப் பொறுப்பேற்கிறார். பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாறும் வேலையைக் குறித்த தேதியில் முடித்துக் கொடுத்தவர் அவர். இனி இரவு ஷிஃப்ட் அட்டவணையும் வாராந்திர ரிலீஸும் அவர் பொறுப்பில் இருக்கும். அவரை வாழ்த்துவோம்.”

இந்த நான்கு வரிக்குள் பதில் எழுதுபவருக்குத் தேவையான நான்கு தகவல்கள் இருக்கின்றன. புதிய பதவியின் பெயர், எந்தத் தேதியிலிருந்து, எதற்காகக் கொடுத்தார்கள், இனி என்னென்ன மாறும். வாழ்த்து எழுதும் அவசரத்தில் பலர் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் டீம் லீட் ஆனவருக்கு “மேனேஜர் ஆனதற்கு வாழ்த்துகள்” என்று ஒரு பதில் போய்விடுகிறது. அதைப் படிக்கும் மேலாளருக்கும் சங்கடம், மலர்விழிக்கும் சங்கடம். தேதியும் அப்படித்தான். பொறுப்பேற்பது ஜூலை 1 என்றால், அதற்கு முன்பே “இந்த வார ஷிஃப்டை மாற்றித் தர முடியுமா?” என்று வாழ்த்தோடு சேர்த்து ஒரு கோரிக்கையை வைப்பது, இன்னும் அந்தப் பொறுப்பில் இருப்பவரை ஓரங்கட்டுவதாகிவிடும்.

எதற்காகக் கொடுத்தார்கள் என்ற வரிதான் முக்கியமானது. சர்வர் மாற்றத்தை மேலாளரே சொல்லிவிட்டார். நாமும் “சர்வர் மாற்றத்தைச் சிறப்பாகச் செய்தீர்கள்” என்று எழுதினால், அறிவிப்பை அவருக்கே திருப்பி வாசித்துக் காட்டியதாகத்தான் ஆகும். அறிவிப்பில் இல்லாத எதை நாம் பார்த்தோம் என்று யோசிப்பதே இங்கே செய்ய வேண்டிய வேலை. மலர்விழியோடு இரவு ஷிஃப்டில் இருந்தவருக்கு ஒன்று தெரியும். ஷிஃப்ட் முடித்துப் போகும்போது அவர் மூன்று வரிக் குறிப்பு ஒன்றை எழுதி வைத்துவிட்டுப் போவார். எந்த வேலை பாதியில் நின்றது, அதைப் பற்றி யாரிடம் பேசியாயிற்று, காலையில் வருபவர் முதலில் என்ன செய்ய வேண்டும். இந்தக் குறிப்பு வந்த பிறகு, இரவெல்லாம் விழித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குபவரைக் காலை ஒன்பது மணிக்குப் போன் செய்து எழுப்பும் வழக்கம் நின்றது. எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. மேலாளருக்கு இது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தெரியும்.

வேகத்தில் எழுதியதும், உட்கார்ந்து எழுதியதும்

அதே சக ஊழியர் வேகத்தில் எழுதியிருந்தால் கடிதம் இப்படி வந்திருக்கும்:

“ஹார்ட்டி கங்கிராட்ஸ் மலர்! ரொம்ப லேட்டாத்தான் கொடுத்திருக்காங்க, ஆனாலும் சந்தோஷம். அன்னைக்கு சிஸ்டம் ராத்திரி முழுக்கப் படுத்துக்கிட்டப்போ நீங்க இல்லேன்னா நம்ம கதை அவ்வளவுதான். உங்களைத் தவிர வேற யாருக்கும் இது பொருந்தாது. இனிமே வேலை கழுத்தை நெரிக்கும், எங்களை மறந்துடாதீங்க. ட்ரீட் எப்போ?”

இதில் பாசம் நிறையவே இருக்கிறது. கேன்டீனில் நின்றுகொண்டு முகம் பார்த்துச் சொல்லியிருந்தால் மலர்விழி சிரித்திருப்பார். பதினான்கு பேர் படிக்கும் கடிதத்தில் ஒவ்வொரு வரியும் வேறொருவர் மேல் போய் விழுகிறது.

“லேட்டாத்தான் கொடுத்திருக்காங்க” என்பது மலர்விழியைப் பாராட்ட வந்த வரி. ஆனால் அறிவிப்பை அனுப்பிய மேலாளர் அதைத் தன் மேல் வைத்த குறையாகப் படிப்பார். அதைவிட, இந்த வரிக்கு மலர்விழி எல்லோர் முன்னாலும் என்ன பதில் சொல்ல முடியும்? ஆமாம் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு.

சிஸ்டம் படுத்த இரவைப் பற்றிய வரி நிஜமானது, குறிப்பானதும்கூட. ஆனால் அந்த இரவில் யாரோ ஒருவருடைய கை பிசகியிருக்கும். அவரும் இந்தப் பதினான்கு பேரில் ஒருவராக இருக்கலாம். மின்னஞ்சல் பட்டியலில் வேறு பிரிவின் மூத்த அதிகாரியோ வாடிக்கையாளர் தரப்பு ஆளோ இருந்தால், பழைய கோளாறு ஒன்று புதிதாகக் கிளறப்படும். அதனால் குறிப்பான ஒரு சம்பவத்தைச் சொல்லும்போது, அதில் மலர்விழி உயர்வதற்காக வேறு யாரும் தாழ வேண்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அப்படி இருந்தால் வேறு சம்பவத்தைத் தேட வேண்டும். வாடிக்கையாளரின் பெயர், பணத் தொகை, சம்பள உயர்வு ஆகியவையும் இந்தக் கடிதத்துக்குள் வரக் கூடாதவை.

“உங்களைத் தவிர வேற யாருக்கும் பொருந்தாது” என்ற வரியைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். அந்தப் பதவிக்குக் குழுவில் இன்னும் இரண்டு பேராவது தகுதியானவர்களாக இருந்திருப்பார்கள். அன்றைக்கு அவர்கள் ஏற்கெனவே ஒரு ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒப்பிடாமலே பாராட்டிவிடலாம் என்கிறபோது இந்த வரிக்கு அவசியமே இல்லை.

கடைசி இரண்டு வாக்கியங்களைப் பற்றி உளவியலில் ஓர் ஆய்வு உண்டு. ஷெல்லி கேபிள் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2004இல் வெளியிட்டது. ஒருவர் நல்ல செய்தி சொன்னால் மற்றவர் எப்படி எதிர்வினை செய்கிறார் என்பதை அவர்கள் நான்காகப் பிரித்தார்கள். உற்சாகமாகக் கலந்துகொண்டு, மேலும் விசாரிப்பது ஒன்று. “நல்லது” என்று அமைதியாக முடித்துக்கொள்வது இரண்டாவது. நல்ல செய்தியில் உள்ள கஷ்டத்தைச் சுட்டிக்காட்டுவது மூன்றாவது. செய்தியைக் கண்டுகொள்ளாமல் பேச்சை வேறு பக்கம் திருப்புவது நான்காவது. காதலர்களிடமும் தம்பதிகளிடமும் நடத்திய அந்த ஆய்வில், முதல் வகை எதிர்வினை கிடைப்பதாக உணர்ந்தவர்களின் உறவு மட்டுமே மேலானதாக இருந்தது. மற்ற மூன்றும் குறைந்த நெருக்கத்தோடும் குறைந்த நிறைவோடும் சேர்ந்தே காணப்பட்டன. அமைதியான “நல்லது”கூட அந்த மூன்றில் அடக்கம்.

வீட்டு உறவைப் பற்றிய ஆய்வை அப்படியே அலுவலகத்துக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் அந்த நான்கு வகைகளும் நம் மின்னஞ்சல்களில் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். “கங்கிராட்ஸ்” என்ற ஒற்றைச் சொல் இரண்டாவது வகை. “இனிமே வேலை கழுத்தை நெரிக்கும்” என்பது மூன்றாவது. அக்கறையில் சொன்னாலும், மகிழ்ச்சியான நாளில் சுமையை எடுத்து வைப்பதாகத்தான் அது போய்ச் சேரும். “ட்ரீட் எப்போ?” என்பதும் நம் ஊர் அலுவலகங்களில் அன்பின் அடையாளம்தான். ஆனால் கடிதம் அதோடு முடிந்தால், மலர்விழியைப் பற்றித் தொடங்கிய பேச்சு பிரியாணியைப் பற்றியதாக மாறி, அடுத்து வரும் பத்துப் பதில்களும் அதன் பின்னாலேயே போய்விடும். ட்ரீட்டை நேரில் கேட்டுக்கொள்ளலாம். நேரில் கேட்டால்தான் கிடைக்கவும் செய்யும்.

உட்கார்ந்து எழுதிய கடிதம் இது:

“மலர்விழி, டீம் லீட் ஆனதற்கு மனமார்ந்த வாழ்த்துகள். நான் இரவு ஷிஃப்டுக்குப் புதிதாக வந்தபோது, நீங்கள் எழுதி வைத்துவிட்டுப் போன மூன்று வரிக் குறிப்புகளைப் படித்துத்தான் வேலையைக் கற்றுக்கொண்டேன். இன்று நாங்கள் எல்லோருமே ஷிஃப்ட் முடிந்ததும் அப்படி எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். ஜூலையிலிருந்து உங்கள் தலைமையில் வேலை செய்யப்போவதில் மிகுந்த மகிழ்ச்சி.”

நான்கே வாக்கியங்கள். பதவியின் பெயர் சரியாக இருக்கிறது. சொன்ன சம்பவம் எழுதியவரே கண்டது. அதன் பலன் எழுதியவரோடு நிற்காமல் குழுவுக்கே பரவியதைச் சொல்கிறது. படிக்கும் யாரும் அதில் குறைந்துபோகவில்லை. குறிப்பு எழுதும் பழக்கத்தைப் பற்றி அறியாத மேலாளரும் இன்று அறிந்துகொள்கிறார். பதவி உயர்வு சரியான ஆளுக்குத்தான் போயிருக்கிறது என்பதை, அப்படி ஒரு வாக்கியம் எழுதாமலே கடிதம் காட்டிவிடுகிறது.

இப்படி எழுதியதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. மலர்விழி என்ற பெயரை எடுத்துவிட்டு, போன வருடம் பதவி உயர்வு பெற்ற வேறொருவரின் பெயரை அங்கே வைத்துப் படித்துப் பாருங்கள். கடிதம் அவருக்கும் பொருந்தினால், அது இன்னும் மலர்விழிக்கான கடிதமாக ஆகவில்லை.

எப்படி அழைப்பது?

குழுவுக்கு எழுதும் கடிதத்தில் பலர் தடுமாறும் இடம் முதல் சொல்தான். நேற்று வரை “மலர்” என்று கூப்பிட்டவர் இன்று “மலர்விழி மேடம்” என்று தொடங்கினால், மரியாதை கூடுவதற்குப் பதில் ஒரு தூரம் விழுந்துவிடும். கூடவே சேர்ந்த தோழி “அடியே மலரு” என்று தொடங்கினால், அடுத்த மாதத்திலிருந்து மலர்விழியிடம் வேலை கேட்டு வாங்கப்போகும் புதியவர்கள் முன்னால் அவருக்கு அது கொஞ்சம் நெருடும்.

குழுக் கூட்டத்தில், மேலாளர் எதிரில், அவரை எப்படி அழைப்பீர்களோ அதுவே கடிதத்திலும் சரியாக இருக்கும். மென்பொருள் நிறுவனங்களில் அது பெரும்பாலும் பெயரும் “நீங்கள்” என்ற சொல்லும்தான். வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ என்றால் சார், மேடம். இளையவர்கள் வழக்கமாக “மலர் அக்கா” என்று கூப்பிடுகிறவர்களாக இருந்தால், பதினான்கு பேர் குழுவில் அதையே எழுதலாம். வெளிப் பிரிவினர் சேர்ந்த பெரிய பட்டியலில் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். பதவி மாறிய நாளில் நாம் அழைக்கும் விதம் மாறாமல் இருப்பதே, புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு ஒரு தெம்பு.

கிண்டலைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். நெருங்கியவர்கள் வாழ்த்தைக் கேலியில் பொதிந்து கொடுப்பது நம் வழக்கம். “அப்பாடா, இனிமேலாவது நேரத்துக்கு ஆபீஸ் வருவீங்களா?” என்பது மாதிரி. மின்னஞ்சலில் கேலி எவ்வளவு தூரம் கேலியாகவே போய்ச் சேருகிறது என்று ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்டோர் சோதித்துப் பார்த்து 2005இல் எழுதினார்கள். மின்னஞ்சலில் எழுதியவர்கள், தாங்கள் கேலியாகச் சொன்னதா நிஜமாகச் சொன்னதா என்பதைப் படிப்பவர் 78 சதவீதம் சரியாகப் பிடித்துவிடுவார் என்று நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகப் பிடித்தது 56 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலே பாதி சரியாக இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், அது எவ்வளவு குறைவு என்று புரியும். அதே வாக்கியங்களைக் குரலில் கேட்டவர்கள் நான்கில் மூன்று பங்கு அளவுக்குச் சரியாகச் சொன்னார்கள். நாம் எழுதும்போது நம் குரல் நம் காதுக்குள் ஒலிக்கிறது. படிப்பவருக்கு அந்தக் குரல் போய்ச் சேருவதில்லை. மலர்விழிக்கு உங்களைத் தெரியும், சிரிப்பார். பட்டியலில் உள்ள மனிதவளத் துறைக்காரர், மலர்விழி உண்மையிலேயே தாமதமாக வருபவர் என்று எடுத்துக்கொள்வார்.

எந்தப் பொத்தான்?

நல்ல கடிதத்தை எழுதி முடித்த பிறகும் அது மலர்விழியைச் சேராமல் போவதுண்டு. காரணம் எளிது. அறிவிப்பை அனுப்பியவர் மேலாளர். `Reply` பொத்தானை அழுத்தினால் பதில் அனுப்பியவருக்கு மட்டும்தான் போகும். “அன்புள்ள மலர்விழி” என்று தொடங்கும் அருமையான வாழ்த்து மேலாளரின் பெட்டியில் போய் உட்கார்ந்திருக்கும். மேலாளர் அதை மலர்விழிக்கு அனுப்பிவைக்க நினைப்பார், மறந்தும் போவார். நாற்பது பெயர்களுக்கிடையே உங்கள் பெயரைத் தேடிய மலர்விழிக்கு, நீங்கள் எழுதவே இல்லை என்றுதான் தோன்றும்.

எனவே அனுப்பும் முன் `To` என்ற வரியைப் பார்க்க வேண்டும். அதில் மலர்விழியின் முகவரி தனியாக இருக்க வேண்டும். அறிவிப்பு குழுவின் பொது முகவரிக்குப் போயிருந்தால், `Reply all` கொடுத்தாலும் அவர் பெயர் தனியாகத் தெரியாது. பொது முகவரிக்கு வருவதைச் சிலர் தனிக் கோப்புறைக்குள் போக வைத்திருப்பார்கள். அவரை `To`வில் கையால் சேர்த்துவிட்டு, குழு முகவரியை `Cc`யில் வைத்தால், கடிதம் அவருக்கு எழுதப்பட்டது, குழு உடனிருந்து கேட்கிறது என்ற ஒழுங்கு வந்துவிடும். மேலாளர் பெறுநர்களை எல்லாம் `Bcc`யில் மறைத்து அனுப்பியிருந்தால், `Reply all` கொடுத்தாலும் அந்த மறைந்த பெயர்களுக்குப் பதில் போகாது. அப்போது மலர்விழிக்கு நேராகப் புதிய மின்னஞ்சல் எழுதுவதே வழி.

எல்லோருக்கும் பதில் அனுப்பலாமா, வேண்டாமா என்பது பட்டியலின் அளவைப் பொறுத்தது. பதினான்கு பேர் என்றால் தாராளமாக அனுப்பலாம். அங்கே எல்லோரும் எல்லோரையும் அறிந்தவர்கள். இன்னொருவர் பாராட்டப்படுவதைப் பார்ப்பது அவர்களுக்கும் சேர்ந்த மகிழ்ச்சி. நானூறு பேர் உள்ள பிரிவு முழுவதற்கும் அறிவிப்பு வந்திருந்தால் மலர்விழிக்கு மட்டும் எழுதுவதே நல்லது.

பெரிய பட்டியலில் எல்லோரும் எல்லோருக்கும் பதில் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திலேயே ஒரு கதை இருக்கிறது. 1997இல் அங்கே ‘பெட்லாம் டிஎல்3’ என்ற ஒரு மின்னஞ்சல் பட்டியலில் சுமார் 13,000 ஊழியர்களின் முகவரிகள் இருந்தன. தன் பெயர் அதில் இருப்பதைக் கண்ட ஒருவர், தன்னை நீக்கும்படி பட்டியலுக்கே எழுதினார். “என்னையும்” என்று மற்றவர்கள் எழுதத் தொடங்கினார்கள். எழுதாதீர்கள் என்று சொல்ல வந்தவர்களும் எல்லோருக்குமே எழுதினார்கள். சுமார் ஒன்றரைக் கோடி மின்னஞ்சல்கள் உருவாகி, நிறுவனத்தின் அஞ்சல் அமைப்பே திணறிப்போனது. அதே நிறுவனம் 2020இல் தன் அலுவலக மின்னஞ்சல் சேவையில் இதற்கென்று ஒரு தடுப்பை வைத்தது. 5,000 பேருக்கு மேல் உள்ள மின்னஞ்சல் தொடரில் ஒரு மணி நேரத்துக்குள் பத்து முறை எல்லோருக்கும் பதில் போனால், அடுத்த நான்கு மணி நேரத்துக்கு அந்தத் தொடரில் அப்படி யாரும் பதில் அனுப்ப முடியாதபடி அப்போது அதை அமைத்திருந்தார்கள். நம் வாழ்த்துக் கடிதங்கள் அந்த அளவுக்குப் போகப்போவதில்லை. ஆனால் மலர்விழியை அறியாத ஒருவரின் பெட்டியில் அவரைப் பற்றி அறுபது பதில்கள் வந்து விழுந்தால், அந்த எரிச்சல் கடைசியில் மலர்விழியின் பெயரோடுதான் ஒட்டிக்கொள்ளும்.

குழுவுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று

சொல்ல நினைக்கும் நன்றியெல்லாம் எல்லோர் முன்னாலும் சொல்லக்கூடியதாக இருக்காது. அம்மா மருத்துவமனையில் இருந்தபோது உங்கள் ஷிஃப்டை மலர்விழி எடுத்துக்கொண்டிருக்கலாம். வேலையை விட்டுவிடலாம் என்று நீங்கள் நினைத்த வாரத்தில் அவர் மட்டும் உட்கார்ந்து பேசியிருக்கலாம். இவற்றைக் குழுக் கடிதத்தில் எழுதினால் உங்கள் வீட்டுக் கதை பொதுவுக்கு வரும், அவர் காட்டிய அன்பும் காட்சிப் பொருளாகும். இதற்குத் தனிக் கடிதம் வேண்டும்.

குழுவுக்கு எழுதிய அன்றைக்கே, அல்லது அடுத்த நாள், அவருக்கு மட்டும் இப்படி எழுதலாம்: “மலர், எல்லோருக்கும் எழுதியதில் இதைச் சொல்ல முடியவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், கேட்காமலே என் ஷிஃப்டை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அன்றைக்கு நன்றி சொல்லும் நிலையில்கூட நான் இல்லை. இப்போது சொல்கிறேன். புதிய பொறுப்பில் முதலில் எதைக் கையில் எடுக்கலாம் என்று இருக்கிறீர்கள்? கேட்க ஆவலாக இருக்கிறது.”

கடைசியில் உள்ள கேள்வியைக் கவனியுங்கள். நல்ல செய்தியை மேலும் விசாரிப்பது, கேபிள் சொன்ன முதல் வகையின் உயிர்நாடி. ஆனால் அதைத் தனிக் கடிதத்தில்தான் கேட்க வேண்டும். குழுவின் முன்னால் “முதலில் எதை மாற்றப் போகிறீர்கள்?” என்று கேட்டால், மேலாளரோடு இன்னும் பேசாத ஒன்றைப் பற்றி அவர் வாக்குக் கொடுக்க வேண்டியதாகிவிடும். தனியாகக் கேட்டால் அது வெறும் அக்கறை.

அந்தப் பதவியை நீங்களும் எதிர்பார்த்திருந்தால்

வாழ்த்துக் கடிதங்களிலேயே கடினமானது இதுதான். அதே பதவிக்கு நேர்காணல் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஒருவர், அறிவிப்பைப் பார்த்த மறுநிமிடம் எதையும் எழுத வேண்டியதில்லை. கை நடுங்கும் நேரத்தில் எழுதுகிற வாழ்த்து ஒன்று அளவுக்கு மீறி இனிக்கும், இல்லை விறைத்துப்போகும். மாலை வரை, அல்லது மறுநாள் காலை வரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் போகவிட்டால்தான் சிக்கல். எழுதாதவர்களில் எல்லோரும் முதலில் கவனிப்பது அவர் பெயரைத்தான். அந்த மௌனத்துக்கு அவர் நினைக்காத அர்த்தங்களெல்லாம் ஏற்பட்டுவிடும்.

எழுதும்போது பொய் சொல்லத் தேவையில்லை. “உங்களைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்படுகிறேன்” என்று எழுதினால் யாரும் நம்பப்போவதில்லை, எழுதியவருக்கே அது உறுத்தும். “நானும் எதிர்பார்த்தேன், பரவாயில்லை” என்று எழுதினால், வாழ்த்த வந்த கடிதம் ஆறுதல் கேட்கும் கடிதமாகிவிடும். போட்டியில் இருந்தவருக்கும் மலர்விழியின் வேலையைப் பற்றி உண்மையான ஒரு வாக்கியம் தெரிந்திருக்கும். அதை மட்டும் எழுதினால் போதும்: “மலர்விழி, டீம் லீட் பொறுப்புக்கு வாழ்த்துகள். ரிலீஸ் இரவுகளில் நீங்கள் பதறாமல் இருப்பதைப் பார்த்து நானும் பதறாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். தொடர்ந்து சேர்ந்து வேலை செய்வோம்.” இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மனதில் இருக்கும் வருத்தத்தை மேலாளரிடம் தனியாகப் பேசலாம், பேசவும் வேண்டும். எதில் குறைந்தது, அடுத்த முறைக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்பது அவருடைய உரிமை. அந்தப் பேச்சும் இந்த வாழ்த்தும் ஒன்றோடொன்று கலக்காத வரை இரண்டுமே நேர்மையானவை.

குழுவில் உள்ள மற்றவர்களும் இவரை நினைவில் வைத்து எழுதினால் நல்லது. அன்றைக்கு அவரிடம் போய் “உங்களுக்குத்தான் வந்திருக்கணும்” என்று காதோரம் சொல்வது ஆறுதல் போலத் தெரியும். ஆனால் அவரையும் மலர்விழியையும் எதிரெதிரே நிறுத்தும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

பதிலுக்குப் பதில்

இனி மலர்விழியின் முறை. நாற்பது கடிதத்துக்கும் தனித்தனியே “நன்றி” என்று எல்லோருக்கும் அனுப்பினால், குழுவின் பெட்டியில் இன்னும் நாற்பது சேரும். இரண்டு நாள் கழித்து, குழுவுக்கு ஒரே ஒரு நன்றி போதும். அதில் அவர் எதைச் சொல்வார் என்பது, மற்றவர்கள் அவருக்கு எதை எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது. எல்லோரும் “கங்கிராட்ஸ்” என்று மட்டும் எழுதியிருந்தால், “எல்லோருக்கும் நன்றி” என்பதைத் தவிர அவரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஷிஃப்ட் குறிப்பைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தால் அவரால் இப்படி எழுத முடியும்: “அந்த மூன்று வரிக் குறிப்பை நான் தொடங்கியது உண்மை. ஆனால் காலை ஷிஃப்டில் இருப்பவர்கள் அதைத் தினமும் படித்து, விட்டுப்போனதைக் கேட்டதால்தான் அது நிலைத்தது. ஜூலையிலிருந்து ரிலீஸ் வேலைக்கும் அப்படி ஒரு குறிப்பைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.”

பதினான்கு பேருக்கும் தெரிந்த ஒரு நல்ல பழக்கம் இங்கே எழுத்தில் பதிவாகிறது. காலை ஷிஃப்ட்காரர்களுக்கும் அதில் பங்கு கிடைக்கிறது. புதிய டீம் லீடுக்கு முதல் மாத வேலை ஒன்றும் தெளிவாகிறது. சக ஊழியர் ஒருவர் தான் கண்டதை நான்கு வாக்கியத்தில் எழுதி அனுப்பியதால் வந்தவை இவை.